பிசி கேமை வயர் இல்லாம ஹெட்செட்ல ஓட்ட நான் பட்ட பாடு: எந்த பேண்ட், எந்த சேனல், எவ்வளவு பிட்ரேட்

குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் வாங்கினதே பிசி கேமுக்காகத்தான். ஹெட்செட்டுக்குள்ளயே ஓடுற கேம்லாம் பரவால்ல ரகம், ஆனா பிசில ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஏற்கனவே இருக்கு, ஸ்டீம்ல கார் ரேஸ் கேமும் ஒரு காட்டுக்குள்ள சுத்துற கேமும் வாங்கி வச்சிருக்கேன், அதை கேபிள் காலைச் சுத்தாம நின்னு திரும்பி ஆடணும்னு ஆசை. வீடியோல எல்லாரும் ரெண்டு பட்டன் அமுக்கினா ஓடுதுன்னு காட்டுறாங்க. எனக்கு ஓடல. சரியா சொல்லணும்னா ஓடுச்சு, ஆனா தலையைத் திருப்பினா பார்வையோட ஓரத்துல கருப்பா ஒரு பட்டை தெரியும், நடுவுல படம் ஒரு நொடி உறைஞ்சு நிக்கும், இருட்டான இடம் வந்தா மொத்தமும் கட்டம் கட்டமா சிதறும். பத்து நிமிஷத்துல வயித்தைப் புரட்டிட்டு வரும், கழட்டி வச்சிட்டு படுத்துருவேன். இவ்வளவு காசு போட்டு தலைவலியை விலைக்கு வாங்கியிருக்கோமேன்னு அப்ப வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல. அடுத்த சில வாரம் சாயங்காலம் பூரா இதுலயே போச்சு, தேவையில்லாத செலவும் ஆச்சு. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை, அதான் எழுதுறேன்.

முதல்ல எல்லாரும் சொன்ன யோசனை என்னன்னா "மச்சி, கிராபிக்ஸ் கார்டு பத்தல, மாத்து". இன்னொருத்தன் "இன்டர்நெட் பிளானை ஏத்து". ரெண்டாவதை உடனே தூக்கிப் போட்ருங்க, ஏன்னா இங்க படம் பிசிலருந்து ரவுட்டருக்கு, ரவுட்டர்லருந்து ஹெட்செட்டுக்கு, வீட்டுக்குள்ளயே போகுது. இன்டர்நெட் லைனைப் பிடுங்கிப் போட்டாலும் ஸ்ட்ரீம் பாட்டுக்கு ஓடும், லாகின் கேக்குற இடத்துல மட்டும்தான் அது தேவை. கிராபிக்ஸ் கார்டு விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது, ஆனா காசை எடுக்குறதுக்கு முன்னாடி தொந்தரவு எங்கருந்து வருதுன்னு பாருங்க, அது கண்ணாலயே தெரியும். பிசி படத்தை ஹெட்செட்டுக்கு அனுப்ப நான் விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆப் பயன்படுத்துறேன், அதுல ஸ்ட்ரீமிங் செட்டிங்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேன்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணா கேம், என்கோட், நெட்வொர்க், டிகோட்னு நாலு இடத்துல ஆகுற தாமதத்தையும், அதாவது லேட்டன்சியை, தனித்தனியா மில்லிசெகண்ட்ல காட்டும். இந்த நாலு எண்தான் உங்க டாக்டர். கார்டு திணறுனா கேம் எண் ஏறும், ஃப்ரேம் ரேட் விழும், பக்கத்துல ஓடுற பொருள் எல்லாம் ரெண்டு ரெண்டா நிழலடிக்கும். வைஃபை திணறுனா நெட்வொர்க் எண் திடீர்னு குதிக்கும், நான் சொன்ன கருப்புப் பட்டையும் அப்பதான் வரும், ஏன்னா புது ஃப்ரேம் வந்து சேரல, ஹெட்செட் பழைய படத்தையே உங்க தலை திரும்புன பக்கத்துக்கு ஏத்த மாதிரி நகர்த்திக் காட்டுது, நகர்த்துனா ஓரத்துல காட்ட படம் இல்ல. எண் எல்லாம் அமைதியா இருந்தும் இருட்டுலயும் இலை தழைலயும் மட்டும் கட்டம் கட்டமா தெரிஞ்சா அது பிட்ரேட், அதாவது படத்துக்காக ஒரு நொடிக்கு அனுப்புற தரவு, பத்தலைங்கறதுக்கு அடையாளம். எனக்கு கேம் எண் பத்துக்குள்ள, நெட்வொர்க் எண் மட்டும் முப்பது, அறுபது, நூறுன்னு ஆடிட்டு இருந்துச்சு. கார்டு வாங்குற காசு அங்கயே மிச்சம், அது ஒண்ணுதான் இந்தக் கதைல மிச்சமான காசும்.

அப்புறம் ரவுட்டர். இன்டர்நெட் கனெக்ஷனோட சும்மா குடுக்குற ரவுட்டர்தான் எங்க வீட்டுல, அதுல 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பேர். எது வசதியோ அதுல சாதனத்தை தானே இணைக்கும்னு சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஹெட்செட்டைப் போட்டுட்டு நான் ரவுட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பினா சிக்னல் கொஞ்சம் குறையும், உடனே அது 2.4-க்கு தாவிடும், அதுக்கப்புறம் தானா திரும்பி வராது. 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான், 1, 6, 11. அக்கம்பக்கத்து ரவுட்டர் எல்லாம் அங்கதான் குடியிருக்கும், ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைலதான். விஆர் ஸ்ட்ரீமுக்கு அது ஆகவே ஆகாது, செட்டிங்ஸ் எதைத் தட்டினாலும் ஆகாது. அதனால ரவுட்டர் பக்கத்துக்குள்ள போய் ரெண்டு பேண்டுக்கும் ரெண்டு பேர் வச்சேன், ஸ்மார்ட் கனெக்ட், பேண்ட் ஸ்டீயரிங்னு என்ன பேர்ல இருந்தாலும் அதை ஆஃப் பண்ணேன், ஹெட்செட்ல 2.4 பேரை ஃபர்கெட் குடுத்துட்டேன். ஃபர்கெட் குடுக்குறது முக்கியம், இல்லன்னா பழைய பாஸ்வேர்டை ஞாபகம் வச்சிட்டு மறுபடி அங்க போய் ஒட்டிக்கும். இதுல பாதி பிரச்சனை போச்சு. மீதி பாதிதான் என்னை சாகடிச்சது.

பிசி வேற ரூம்ல இருந்ததால அதுவும் வைஃபைலதான் இருந்துச்சு. இது ஏன் தப்புன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல, பிசில ஸ்பீட் டெஸ்ட் போட்டா நல்லாத்தானே காட்டுது. விஷயம் என்னன்னா ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அனுப்ப முடியும். பிசியும் வைஃபைல இருந்தா ஒவ்வொரு ஃப்ரேமும் பிசிலருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டர்லருந்து ஹெட்செட்டுக்கு இன்னொரு தடவைன்னு அதே காத்துல ரெண்டு தரம் போகுது. கிடைக்கிற வேகம் நேர் பாதி, காத்திருக்கிற நேரம் டபுள். வயர் இல்லாத மெஷ், எக்ஸ்டெண்டர் வச்சிருக்கவங்களுக்கும் இதே கதிதான், பல பெட்டில இடையில அதே பேண்ட்லதான் பேசிக்கும். ஆக பிசிக்கும் ரவுட்டருக்கும் நடுவுல லேன் கேபிள் கட்டாயம். வயர்லெஸ் விஆர்னு பேரு இருந்தாலும் அதுல பாதி வயர்தான்.

சரின்னு கேபிள் இழுத்தேன். வீட்டுல பழைய கேபிள் ஒண்ணு நீளமா சுருட்டிக் கிடந்துச்சு, அதையே சுவரோரமா ஓட்டி மாட்டியாச்சு. நெட்வொர்க் எண் இறங்குச்சு, ஆனா இன்னும் இருபதுக்குக் கீழ வரல, பிட்ரேட்டை நூறு எம்பிபிஎஸ்-க்கு மேல ஏத்துன உடனே படம் செத்துப்போகுது. இதுல என்ன ஏமாத்துதுன்னா 80 வச்சா ஓடுது, ஓடுறதால கேபிள் நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சிட்டு ரவுட்டரையே திட்டிட்டு இருந்தேன். கடைசில ஒரு நாள் விண்டோஸ்ல பவர்ஷெல் திறந்து இதை அடிச்சுப் பாத்தேன்:

```
Get-NetAdapter
```

அதுல கடைசில LinkSpeed-னு ஒரு நெடுவரிசை வரும். அங்க 1 Gbps இருக்கணும், எனக்கு 100 Mbps. கிகாபிட்டுக்கு கேபிளுக்குள்ள இருக்கிற எட்டு கம்பியும் வேலை செய்யணும், நூறுக்கு நாலு கம்பி போதும். ஒரு கம்பி அறுந்திருந்தாலோ முனைல கிளிப்பு சரியா கடிக்கலன்னாலோ ரெண்டு பக்கமும் பேசி வச்சிட்டு சத்தமில்லாம நூறுக்கு இறங்கிடும், எந்த எச்சரிக்கையும் வராது. சில பழைய ரவுட்டர்ல லேன் போர்ட்டே நூறுதான், அதையும் பாத்துக்கோங்க. புது கேட் 5இ கேபிள் மாட்டின உடனே 1 Gbps வந்துச்சு, அதுக்கு மேல விலை கூடின கேபிள் எதுவும் தேவையே இல்ல.

இங்க ஒரு கணக்கு சொல்லணும், இந்தக் கணக்கு புரிஞ்சதுக்கப்புறம்தான் எனக்கு மொத்த விஷயமும் வெளிச்சமாச்சு. நூறு எம்பிபிஎஸ் லைன்ல 80 பிட்ரேட் போகணும்ல, இருபது மிச்சம் இருக்கே, அப்புறம் ஏன் லேட்டன்சி ஏறுதுன்னு கேப்பீங்க. பிட்ரேட்ங்கறது ஒரு நொடிக்கான சராசரி. படம் அப்படி சொட்டு சொட்டா ஒழுகிட்டே வர்றதில்ல, குடம் குடமா வருது, ஒரு ஃப்ரேம் ஒரு குடம். 90 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு இருக்கிற நேரம் 11.1 மில்லிசெகண்ட். 80-ஐ 90-ஆல வகுத்தா ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 0.89 மெகாபிட். நூறு லைன்ல நிஜமா கிடைக்கிறது 94 மாதிரி, அதுல இந்த 0.89 கடந்து போக 9.5 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது கேபிளைக் கடக்குறதுக்கே ஒரு ஃப்ரேம் நேரம் கிட்டத்தட்ட தீந்துபோச்சு, வைஃபை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கிகாபிட் லைன்ல அதே ஃப்ரேம் ஒரு மில்லிசெகண்டுக்குள்ள போயிடும். இதுல எல்லா ஃப்ரேமும் ஒரே சைஸும் கிடையாது, சீன் சட்டுனு மாறுனா ஒரு ஃப்ரேம் சராசரியை விட ரொம்பப் பெருசா வரும், அதுதான் அந்த குதிப்பு. ஆக நாம பாக்க வேண்டியது லைன் வேகம் பிட்ரேட்டை விட கூட இருக்கா இல்லையான்னு இல்ல, ஒரு ஃப்ரேம் எத்தனை மில்லிசெகண்ட்ல போய் சேருதுன்னுதான்.

இந்த இடத்துல நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா நெட்வொர்க் எண் எட்டு, ஒன்பதுன்னு இருந்தும் சாயங்காலம் ஆனா ஆடுது, வீட்டுல தம்பி டிவில வீடியோ போட்டா இன்னும் ஆடுது, அதனால தனியா ஒரு வைஃபை 6 ரவுட்டர் வாங்கினேன். கேமிங்னு அட்டைல போட்டு எட்டு ஆன்டெனா வச்சது, சம்பளத்துல நல்ல பங்கை முழுங்கிடுச்சு. மாட்டின அன்னைக்கு சேனல் அகலத்தை 160 மெகாஹெர்ட்ஸுக்கு ஏத்தினேன், இணைப்பு வேகம் 2400-னு காட்டுது, சந்தோஷம் தாங்கல. ரெண்டு நாள் பிரமாதமா ஓடுச்சு. மூணாவது நாள் கேம் நடுவுல படம் அப்படியே நின்னு கனெக்ஷன் அறுந்து போச்சு, அப்புறம் தானா வந்துச்சு. அடுத்த நாளும் அதே மாதிரி. ஹெட்செட் கோளாறுன்னு நினைச்சு ரீசெட் அடிச்சு எல்லாத்தையும் திரும்ப ஏத்தினேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. முன்னாடி ஆடிட்டு இருந்தது, இப்ப அறுந்தே போகுது, அதுவும் காசு குடுத்து. வாங்கின பெட்டியைத் திருப்பிக் குடுக்குற நாளும் தாண்டிப் போச்சு.

காரணம் ரவுட்டர் லாக்ல இருந்துச்சு, ரேடார்னு ஒரு வரி. 5 கிகாஹெர்ட்ஸ்ல 36-லருந்து 48 வரைக்கும் ஒரு கூட்டம், 149-லருந்து 161 வரைக்கும் ஒரு கூட்டம், இது ரெண்டும் சாதாரண சேனல். நடுவுல 52-லருந்து 144 வரைக்கும் இருக்கிறது வானிலை ரேடார் மாதிரி ஆளுங்களோட இடம், வைஃபை அங்க விருந்தாளி மாதிரிதான் இருக்கலாம். அந்த விதிக்கு டிஎஃப்எஸ்னு பேரு. ரவுட்டர் அந்த சேனலுக்குப் போறதுக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு நிமிஷம் காது குடுத்து கேக்கணும், ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா சில நொடிக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும், அப்புறம் அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. உண்மையான ரேடாராவே இருக்கணும்னு இல்ல, வேற ஏதோ சத்தத்தை ரேடார்னு நினைச்சுக்கிட்டாலும் இதே கதைதான். ஃபோன்ல பாட்டு கேட்டுட்டு இருக்கவனுக்கு இது தெரியவே தெரியாது, தலைல ஹெட்செட் மாட்டி இருக்கவனுக்கு உலகமே நின்னு போகும். இதுல 160 அகலம் ஏன் வில்லன்னா, 5 கிகாஹெர்ட்ஸ்ல பொதுவா கிடைக்கிற 160 துண்டு 36-லருந்து 64 வரைக்கும் ஒண்ணு, 100-லருந்து 128 வரைக்கும் ஒண்ணு, ரெண்டுமே டிஎஃப்எஸ் சேனலைத் தொடாம இருக்க முடியாது. அட்டைல பெருசா போட்டிருக்கிற அந்த வேகத்தோட மறுபக்கம் இது, இதை எந்த விளம்பரமும் சொல்றதில்ல.

அதனால அகலத்தை 80-க்கு இறக்கினேன். இணைப்பு வேகம் 2400-லருந்து 1200 ஆச்சு, மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அறுந்து போறது அன்னைக்கோட நின்னு போச்சு. சேனலை ஆட்டோல விடாதீங்க, ஆட்டோல விட்டா அது ராத்திரில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும், நீங்க ஆடுற நேரத்துல அங்க வேற கூட்டம் இருக்கும். ஃபோன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டு, நீங்க வழக்கமா ஆடுற நேரத்துல, ஆடுற இடத்துலயே நின்னு பாருங்க. எனக்கு 149 பக்கம் பக்கத்து வீட்டு ரவுட்டர் ரெண்டு பலமா அடிச்சது, 36 பக்கம் இருந்ததெல்லாம் தூரத்து சிக்னல், அதனால 36-ல பூட்டினேன். உங்களுக்கு நேர்மாறா இருக்கலாம், 149 எல்லா நாட்டுலயும் கிடைக்கவும் கிடைக்காது, ரவுட்டர் பட்டியல்ல இல்லன்னா 36 மட்டும்தான் உங்களுக்கு. எத்தனை பேர் இருக்காங்கங்கறதை விட எவ்வளவு பலமா, எவ்வளவு பிஸியா இருக்காங்கங்கறதுதான் முக்கியம், தூங்கிட்டு இருக்கிற ரவுட்டர் அஞ்சு இருந்தாலும் ஒண்ணும் ஆகாது.

அந்த எட்டு ஆன்டெனா பெட்டியை வேற மாதிரி உபயோகப்படுத்திக்கிட்டேன். பழைய ரவுட்டர் வீட்டுக்கு, புதுசு ஹெட்செட்டுக்கு மட்டும். புதுசை ஆக்சஸ் பாயின்ட் மோட்ல போட்டு, பிசியை அதோட லேன் போர்ட்ல மாட்டி, அதுலருந்து இன்னொரு கேபிள் பழைய ரவுட்டருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் பாஸ்வேர்டை வீட்டுல யார்கிட்டயும் சொல்லல, கேட்டாலும் சொல்லல, தம்பிக்கு இன்னும் கோவம். பழைய ரவுட்டரோட 5 கிகாஹெர்ட்ஸை 149-க்கு அனுப்பிட்டேன், அப்பதான் தம்பியோட டிவியும் என் ஹெட்செட்டும் ஒரே காத்துக்கு அடிச்சுக்காது. ஒரே ரவுட்டர்தான் இருக்குன்னா குறைஞ்சபட்சம் டிவி, கன்சோல் மாதிரி நகராத சாதனத்தை எல்லாம் கேபிள்ல போடுங்க. இன்னொண்ணு, நீங்க ஆடுற அதே ரூம்ல, நேரா கண்ணுக்குத் தெரியுற உயரத்துல ரவுட்டர் இருக்கணும். உடம்பே சிக்னலை மறைக்கும், மேசைக்கு அடியில வச்சா நீங்க திரும்பும்போதெல்லாம் உங்க முதுகைத் தாண்டி வரணும்.

இனி பிட்ரேட். எல்லாரும் "ஏத்து, ஏத்து"ன்னு சொல்ற ஒரு விஷயம் இது, ஆனா நான் ஏத்தி இறக்கி கத்துக்கிட்டது வேற. 1200 இணைப்புன்னு காட்டுனா நிஜமா தரவு போறது 600-லருந்து 800-க்குள்ளதான், கணக்குக்கு 600 வச்சுக்குவோம். 90 ஹெர்ட்ஸ்ல 150 பிட்ரேட்னா ஒரு ஃப்ரேம் 1.67 மெகாபிட், காத்துல 2.8 மில்லிசெகண்ட். 400 பிட்ரேட்னா 4.44 மெகாபிட், 7.4 மில்லிசெகண்ட். ரெண்டுமே 11.1-க்குள்ளதான இருக்கு, அப்ப 400 வைக்கலாமேன்னு தோணும். இப்ப பக்கத்து வீட்டுக்காரர் அதே சேனல்ல படம் பாக்க ஆரம்பிக்கிறார், உங்களுக்கு பாதி காத்துதான், 600 வந்து 300 ஆகுது. 150 பிட்ரேட் ஃப்ரேம் 5.6 மில்லிசெகண்ட்ல போயிடும், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. 400 பிட்ரேட் ஃப்ரேமுக்கு 14.8, அடுத்த ஃப்ரேம் வந்து வாசல்ல நிக்குது, இது இன்னும் உள்ளயே இருக்கு, வரிசை கட்டுது, படம் நிக்குது. நல்ல நாள்ல 400-ம் ஓடும், கெட்ட நிமிஷத்துல 150 மட்டும்தான் ஓடும். நம்ம வயித்தைப் புரட்டுறது அந்த கெட்ட நிமிஷம்தான்.

அதோட ஹெட்செட் அந்த படத்தை அவிழ்க்கவும் நேரம் வேணும், பிட்ரேட் ஏற ஏற டிகோட் எண்ணும் ஏறும், இதுக்கு ரவுட்டர் எதுவும் பண்ண முடியாது. படத்தைச் சுருக்குற முறை, அதாவது கோடெக், எதுங்கறதும் இதுல சேரும். ஹெச்இவிசி-யும் ஏவி1-ம் குறைஞ்ச பிட்ரேட்ல நல்ல படம் தரும், விர்ச்சுவல் டெஸ்க்டாப்ல 200 வரைக்கும்தான் விடும். ஏவி1-க்கு பிசில ஆர்டிஎக்ஸ் 40 வரிசை மாதிரி புது கார்டும் வேணும், ஹெட்செட்டும் அதை அவிழ்க்கத் தெரிஞ்சதா இருக்கணும், குவெஸ்ட் 3-க்குத் தெரியும், குவெஸ்ட் 2-க்குத் தெரியாது. ஹெச்.264 பிளஸ் 400-ஐயும் தாண்டிப் போகும், ஆனா நான் மேல சொன்ன கணக்கு அங்கதான் கடிக்கும். என் கார்டு பழசு, அதனால ஹெச்இவிசி 10 பிட். 100-ல இருட்டுக் காட்டுல கட்டம் தெரிஞ்சது, 150-ல தேடினாதான் தெரியுது, 200-ல எனக்கு வித்தியாசமே தெரியல, டிகோட் மட்டும் மூணு நாலு மில்லிசெகண்ட் கூடுச்சு. 150-ல நிறுத்திட்டேன். படம் மங்கலா இருக்குன்னு பிட்ரேட்டை ஏத்துறவங்க முதல்ல ரெசல்யூஷன் குவாலிட்டியைப் பாருங்க, பல தடவை அதுதான் மீடியம்ல இருக்கும், பிட்ரேட் மேல பழி விழும்.

இந்த எண்ணை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, ஆட்டோ பிட்ரேட்டை ஆஃப் பண்ணுங்க. அது இருந்தா நீங்க என்ன சோதிக்கிறீங்கன்னே தெரியாது, அது பாட்டுக்கு இறக்கி வச்சிரும். வீடியோ பஃபரிங் இருந்தா அதையும் சோதனை முடியுற வரைக்கும் ஆஃப் பண்ணுங்க, ஆட்டத்தை மறைக்கும், பதிலுக்கு லேட்டன்சியைக் கூட்டும். 100-ல ஆரம்பிங்க, வீட்டுல எல்லாரும் இருக்கிற நேரமா பாத்து, இருட்டும் இலையும் உள்ள ஒரு கேமைப் போட்டு கால் மணி நேரம் நல்லா திரும்பித் திரும்பி ஆடுங்க. சும்மா மெனுல நின்னு எண்ணைப் பாக்காதீங்க, மெனுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆட்டம் இல்லன்னா 25 ஏத்துங்க. நெட்வொர்க் எண் குதிக்க ஆரம்பிச்சா ஒரு படி இறங்கி அங்கயே பூட்டுங்க. அதே நேரத்துல பிசில இதையும் ஓடவிட்டு வைங்க, இதுல வர்ற எண் ஹெட்செட்டோட ஐபி முகவரி, ரவுட்டர் பட்டியல்ல உங்களோடதைப் பாத்து மாத்திக்கோங்க:

```
ping -t 192.168.1.40
```

கேம் ஓடும்போது இது ரெண்டுலருந்து ஆறு ஏழு மில்லிசெகண்ட்ல நின்னா நல்ல காத்து. நடுநடுவுல 60, 100-னு தாவுனா சேனலை மாத்துங்க, பிட்ரேட்டைத் தொடாதீங்க. ஹெட்செட் சும்மா கிடக்கும்போது பிங் பண்ணாதீங்க, அது பேட்டரி மிச்சம் பிடிக்க வைஃபையைத் தூங்க விடும், எண் கண்டபடி வரும், நான் அதைப் பாத்து ஒரு ராத்திரி தூக்கம் கெட்டேன்.

6 கிகாஹெர்ட்ஸ் பத்தி கேப்பீங்க. குவெஸ்ட் 3-ல வைஃபை 6இ இருக்கு, ரவுட்டரும் 6இ இல்லன்னா 6 கிகாஹெர்ட்ஸ் உள்ள வைஃபை 7-ஆ இருந்தா அந்த பேண்ட் கிடைக்கும், உங்க நாட்டுல திறந்துவிட்டிருந்தாத்தான். அங்க டிஎஃப்எஸ் கிடையாது, 160 அகலத்தை தைரியமா வைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரங்க இன்னும் பெருசா வந்து சேரல. நண்பன் வீட்டுல பாத்தேன், ஒரே ரூம்னா நெட்வொர்க் எண் அசையவே இல்ல. ஆனா ஒரு சுவர் குறுக்க வந்தா 5-ஐ விட சீக்கிரம் விழும், அதனால ரவுட்டர் வேற ரூம்லதான் இருக்கும்னு உறுதியா தெரிஞ்சா அதுக்காக காசைக் கொட்டாதீங்க. அவன் மாட்டின அன்னைக்கு ஹெட்செட்ல 6 கிகாஹெர்ட்ஸ் பேரே தெரியல, தலையைப் பிச்சுக்கிட்டோம், கடைசில பாத்தா செக்யூரிட்டி டபிள்யூபிஏ2-ல இருந்துச்சு. அந்த பேண்ட்ல டபிள்யூபிஏ3 கட்டாயம், மாத்தின உடனே பேர் வந்துச்சு. அதோட அவனும் 6 கிகாஹெர்ட்ஸுக்கு தனி பேர் வச்சுட்டான், இல்லன்னா ஹெட்செட் 5-ல போய் உக்காந்துட்டு 6-ல இருக்கிற மாதிரி நடிக்கும்.

எனக்கு இப்ப 5 கிகாஹெர்ட்ஸ், சேனல் 36, அகலம் 80, ஹெச்இவிசி 150, 90 ஹெர்ட்ஸ். மொத்த லேட்டன்சி நாப்பதைச் சுத்தி இருக்கு, காட்டு கேம் ஒரு மணி நேரம் ஆடினாலும் தலை சுத்தல. கார் ரேஸுக்கு மட்டும் 120 ஹெர்ட்ஸ் வச்சுப் பாத்தேன், ஒரு ஃப்ரேமுக்கு 8.3 மில்லிசெகண்ட்தான் இருக்கு, என் கார்டு அதுக்குள்ள படத்தை முடிக்கல, கேம் எண்ணே சிவப்பாயிடுச்சு. அது ரவுட்டர் சமாச்சாரம் இல்ல, அதனால 90-க்கே திரும்பிட்டேன். ரெண்டாவது ஹெட்செட் வாங்கி தம்பியோட சேந்து ஆடலாம்னு பேச்சு ஓடுது. ரெண்டும் ஒரே சேனல்ல ஓடுனா ஆளுக்கு பாதி காத்து, ரெண்டையும் 100-க்கு இறக்கி ஆரம்பிக்கணும், இல்லன்னா அவனுக்கு 149-ல தனியா இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் போட்டு, டிவியை கேபிளுக்கு மாத்தணும். இப்போதைக்கு டிவிக்கு கேபிள் இழுக்குற வேலையை அவன் தலைல கட்டியிருக்கேன்.